32 ஜிபி வைத்ததற்கு 261 டாலர் பில்

*"வட்டக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி இரண்டு கேமரா வைத்து, 15 நொடிக்கு ஒரு படம் அமேசான் எஸ்3 மும்பைக்கு அனுப்புகிறோம். ஏழு நாள் ஆனதும் பழைய படங்கள் அழிந்துவிடும், மொத்தமே 32 ஜிபிதான். மே மாதம் வரிக்கு முன்னாலேயே 261 டாலர் வந்திருக்கிறது. தினமும் 1,200 பேர் போல இணையப் பக்கத்தைப் பார்க்கிறார்கள். எங்கள் வரவேற்பறை டிவியிலும் பக்கத்து ஹோம்ஸ்டே டிவியிலும் அது ராத்திரி பகலாக ஓடும். காலையில் பக்கம் சட்டென்று வருகிறது, ராத்திரியானால் இழுக்கிறது, அது மலை நெட்வொர்க் என்று விட்டுவிட்டோம். படங்களை இரண்டு நாள் மட்டும் வைக்கலாமா, இல்லை விலை குறைந்த ஸ்டாண்டர்ட் ஐஏவுக்கு மாற்றலாமா? பக்கத்தின் ஸ்கிரிப்டை இணைத்திருக்கிறேன்."*

நாட்களைக் குறைக்க வேண்டாம், ஐஏவுக்கும் போக வேண்டாம். மும்பையில் சாதாரண வகுப்பில் ஒரு ஜிபியை ஒரு மாதம் வைத்திருக்க 0.025 டாலர். உங்கள் 32 ஜிபிக்கு 80 சென்ட் ஆகிறது. அதில் என்ன சிக்கனம் செய்தாலும் சில சென்ட்தான் மிஞ்சும். மீதி 260 டாலர் வேறு இரண்டு கணக்குகளில் போயிருக்கிறது: படங்கள் இருக்கும் எஸ்3 பெட்டியான உங்கள் பக்கெட்டை எத்தனை முறை கேட்டார்கள், அதிலிருந்து எவ்வளவு வெளியே போனது.

முதலில் விலையைப் பார்த்துவிடலாம். மும்பை பிராந்தியத்தில் ஒரு கோப்பை ஏற்றுவதற்கான புட் கோரிக்கை ஆயிரத்துக்கு 0.005 டாலர். ஒரு கோப்பை எடுக்கும் கெட் கோரிக்கை ஆயிரத்துக்கு 0.0004 டாலர். 'இந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது' என்று கேட்கும் லிஸ்ட் கோரிக்கைக்கு புட் விலைதான், அதாவது கெட்டைப் போல பன்னிரண்டரை மடங்கு. படிக்க மட்டும்தானே செய்கிறது, மலிவாக இருக்கும் என்று பலரும் நினைப்பது இங்கேதான் தவறிப்போகிறது. அழிக்கும் கோரிக்கைக்குக் காசு இல்லை. உள்ளே வரும் டேட்டாவுக்கும் இல்லை. வெளியே இணையத்துக்குப் போகும் டேட்டாவில் மாதம் முதல் 100 ஜிபி இலவசம் (உங்கள் கணக்கு முழுவதற்கும் சேர்த்து), அதன் பிறகு ஜிபிக்கு 0.1093 டாலர். ஒரு ஜிபியை ஒரே ஒரு முறை வெளியே அனுப்பும் காசில் அதே ஜிபியை நான்கு மாதத்துக்கு மேல் வைத்திருக்கலாம்.

கேமராக்கள் செய்யும் வேலையில் குறை இல்லை. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 11,520 படம், மே மாதத்தில் மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். புட் செலவு 1.80 டாலர். சேமிப்பைவிட ஏற்றுவதற்கே இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது, ஆனாலும் இரண்டும் சேர்ந்து மூன்று டாலரைத் தாண்டவில்லை.

இப்போது உங்கள் ஸ்கிரிப்டுக்கு வருவோம். அது 15 நொடிக்கு ஒரு முறை என்ன செய்கிறது? கேமராவின் இன்றைய தேதி ஃபோல்டரை லிஸ்ட் செய்கிறது, வந்த பட்டியலின் கடைசிப் பெயரை எடுக்கிறது, அந்தப் படத்தைக் காட்டுகிறது. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. சொந்தக் கணினியில் ஒரு ஃபோல்டரைத் திறந்து கடைசிக் கோப்பைப் பார்ப்பது போலத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் எஸ்3இல் 'கடைசியாக வந்ததைக் கொடு' என்று கேட்க வழியே கிடையாது. எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லாவிட்டால் லிஸ்ட் பெயர்களை அகர வரிசையில் முதலிலிருந்துதான் கொடுக்கும், அதுவும் ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஆயிரம் பெயர்தான். உங்கள் கோப்புப் பெயர் நேரத்தை வைத்து இருப்பதால், நள்ளிரவுப் படத்தில் தொடங்கி இப்போதைய படம் வரை அன்றைய பெயர்கள் அத்தனையையும் வாங்கித்தான் கடைசிப் பெயருக்கு வர முடியும். காலை நான்கு மணி வரை ஒரு கேமராவுக்கு ஆயிரத்துக்குள் படம் இருக்கும், ஒரு லிஸ்ட் போதும். நண்பகலில் 2,880 படம், மூன்று லிஸ்ட். ராத்திரி பத்து மணிக்கு 5,280 படம், ஆறு லிஸ்ட், அதுவும் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது.

ராத்திரியானால் பக்கம் இழுப்பதற்குக் காரணம் இதுதான். மலை நெட்வொர்க்கின் மேல் பழி போட வேண்டியதில்லை. பிரவுசரில் F12 அழுத்தி `Network` பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்குப் பக்கத்தைப் பாருங்கள். படத்துக்கு முன்னால் வரிசையாக எக்ஸ்எம்எல் கோப்புகள் இறங்குவது தெரியும். அவற்றின் அளவையும் பாருங்கள், பில்லின் பெரிய பங்கு அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எஸ்3 திருப்பித் தருவது இப்படி இருக்கும்:

```
<Contents><Key>cam1/2025-05-11/154530.jpg</Key>
<LastModified>2025-05-11T10:15:31.000Z</LastModified>
<ETag>...</ETag><Size>412345</Size>
<StorageClass>STANDARD</StorageClass></Contents>
```

ஒரு பெயருக்குச் சுமார் 250 பைட். நண்பகலில் 2,880 பெயருக்கு 720 கேபி. உங்கள் படமே சராசரி 400 கேபிதான். அதாவது ஒரு படத்தைக் காட்டுவதற்காக அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பட்டியலை அனுப்புகிறீர்கள். ராத்திரி பத்து மணிக்கு அது மூன்று மடங்கைத் தாண்டுகிறது. இந்தப் பட்டியலும் 'வெளியே போன டேட்டா'தான், ஜிபிக்கு அதே 0.1093 டாலர். லிஸ்ட்டுக்கு இப்படி இரண்டு தரம் காசு போகிறது: கோரிக்கைக்கு ஒன்று, அதன் பதிலின் எடைக்கு ஒன்று.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாள் முழுதும் சராசரியாக எடுத்தால் பக்கம் ஒரு முறை புதுப்பிக்கும்போது இரண்டு கேமராவுக்கும் சேர்த்து படம் 0.8 எம்பி, பட்டியல் 1.44 எம்பி, ஆக 2.24 எம்பி. வருகிறவர் நான்கு நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால் 16 முறை புதுப்பிக்கிறது. 1,200 பேருக்கு ஒரு நாளில் 19,200 முறை.

அப்புறம் அந்த டிவிகள். கேள்வியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், நான் அங்கேதான் நின்றுவிட்டேன். ஒரு டிவி நாள் முழுதும் ஓடினால் 5,760 முறை புதுப்பிக்கிறது. இரண்டு டிவிக்கு 11,520. இது 720 பார்வையாளர்களுக்குச் சமம். வருகை எண்ணும் கருவியில் அந்த இரண்டு டிவியும் நாளைக்கு ஓரிரண்டு வருகையாகத்தான் தெரியும், பில்லிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவைதான். ராத்திரி இரண்டு மணிக்கு, ஆளில்லாத வரவேற்பறையில், இருட்டுப் பள்ளத்தாக்கின் கறுப்புப் படத்தை 15 நொடிக்கு ஒரு முறை காசு கொடுத்து இறக்கிக்கொண்டு இருக்கின்றன.

எல்லாம் சேர்த்து நாளைக்கு 30,720 முறை, மாதத்துக்கு ஒன்பதரை லட்சம். வெளியே போனது சுமார் 2,133 ஜிபி. இலவச 100 ஜிபியைக் கழித்தால் 222 டாலர். லிஸ்ட் கோரிக்கைகள் சராசரியாக ஒவ்வொரு முறையும் ஆறு என்று வைத்தால் 57 லட்சம், அதற்கு 28.50 டாலர். படம் எடுக்கும் கெட் 19 லட்சம், அதற்கு வெறும் 76 சென்ட். சேமிப்பையும் புட்டையும் கூட்டினால் 254 வருகிறது. உங்கள் 261க்கும் இதற்கும் உள்ள ஏழு டாலர் வித்தியாசம் என் ஊகங்களில் இருக்கும் பிசிறு. இன்னொன்றும் உண்டு: மூடுபனி முழுக்க மூடிய படம் வெறும் வெள்ளைத் தாள் மாதிரி, ஜேபெக் அதை நன்றாகச் சுருக்கிவிடும். வானம் தெளிந்து மரமும் பாறையும் துல்லியமாகத் தெரியும் நாளில் அதே கேமராவின் படம் பல மடங்கு கனக்கும். அதனால் பனி விலகிய நாட்களில் பில் கூடும், ஆட்கள் அதிகம் பார்ப்பதும் அந்த நாட்களில்தான்.

என் கணக்கை நம்பி எதையும் மாற்ற வேண்டாம், உங்கள் கணக்கிலேயே சரிபாருங்கள். `Cost Explorer` திறந்து, சேவையை எஸ்3க்கு மட்டும் குறுக்கி, `Usage type` வாரியாகப் பிரியுங்கள். நான்கு வரிகள் முக்கியம். `APS3-TimedStorage-ByteHrs` சேமிப்பு. `APS3-DataTransfer-Out-Bytes` வெளியே போனது. `APS3-Requests-Tier2` கெட். `APS3-Requests-Tier1`இல் புட்டும் லிஸ்ட்டும் கலந்து கிடக்கும், அதனால்தான் பலருக்கு லிஸ்ட் கண்ணில் படுவதே இல்லை. கேமராக்கள் ஏற்றியது மூன்றரை லட்சம் என்று நமக்குத் தெரியும். அந்த வரியில் அறுபது லட்சம் இருந்தால் மிச்சமெல்லாம் லிஸ்ட். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் `API operation` வாரியாகப் பிரித்தால் `ListBucket` தனி வரியாக வந்துவிடும்.

சரி, எப்படி நிறுத்துவது? பட்டியல் கேட்கும் தேவையையே எடுத்துவிடுங்கள். கேமராவோடு இருக்கும் சிறு கணினி, காப்பகத்துக்கு ஏற்றும் படத்தைத் தவிர, 30 நொடிக்கு ஒரு முறை சிறிதாக்கிய படம் ஒன்றை மாறாத ஒரே பெயரில் மேலெழுதட்டும். 1280 பிக்சல் அகலத்தில், 120 கேபிக்குள் இருந்தால் போனுக்கும் டிவிக்கும் தாராளம்.

```
aws s3 cp small.jpg s3://BUCKET/cam1/latest.jpg \
  --cache-control "max-age=30" --content-type image/jpeg
```

மேலெழுதிய உடனே புதுப் படம் கிடைக்குமா என்ற சந்தேகம் வரலாம். முன்பு எஸ்3இல் அந்தச் சிக்கல் இருந்தது, சில நேரம் பழையதே வரும். 2020 டிசம்பர் முதல் எழுதியதை உடனே படிக்கலாம். இங்கே பார்க்க வேண்டியது வேறொன்று: பக்கெட்டில் வெர்ஷனிங் போட்டிருந்தால் மேலெழுதும் ஒவ்வொரு பழைய `latest.jpg`யும் மறைவாகத் தங்கிவிடும். சாதாரணமாகப் பார்த்தால் ஒரு கோப்புதான் தெரியும், சேமிப்பு வரி மட்டும் மாதாமாதம் ஏறும். வெர்ஷனிங் இருந்தால், பழைய வடிவங்களை ஒரு நாளில் அழிக்கும் லைஃப்சைக்கிள் விதியையும் சேர்த்துவிடுங்கள்.

பக்கத்தில் இருக்கும் நீளமான ஸ்கிரிப்டுக்குப் பதில் ஒவ்வொரு கேமராவுக்கும் இவ்வளவு போதும். `img` அந்தக் கேமராவின் படம் தெரியும் இடம், `base` பக்கெட்டின் முகவரி, இரண்டையும் முன்னால் குறித்துக்கொள்ளுங்கள்:

```
function showCam1() {
  if (document.hidden) return;
  const t = Math.floor(Date.now() / 30000);
  img.src = base + "/cam1/latest.jpg?t=" + t;
}
showCam1();
setInterval(showCam1, 30000);
```

இரண்டாவது வரி, வேறு டேப்புக்குப் போய்விட்டவருக்குப் படம் அனுப்புவதை நிறுத்துகிறது. மூன்றாவது வரியில் நேரத்தை 30 நொடித் துண்டுகளாக வெட்டியிருப்பதற்குக் காரணம், ஒரே அரை நிமிடத்தில் பார்க்கும் எல்லோரும் ஒரே முகவரியைக் கேட்க வேண்டும் என்பது. பின்னால், படத்தின் நகலை வைத்துக்கொண்டு எஸ்3க்குப் பதில் தானே பார்வையாளருக்குத் தரும் சிடிஎன் வைக்கும்போது அது கைகொடுக்கும். டிவியில் டேப் எப்போதும் முன்னால்தான் இருக்கும், அதனால் அங்கே அந்த இரண்டாவது வரி உதவாது. ராத்திரி பத்து முதல் காலை ஐந்து வரை டிவியை அணைக்க ஒரு டைமர் பிளக் போட்டாலே போதும்.

லிஸ்ட் கோரிக்கையில் `start-after` என்று ஒன்று உண்டு, ஒரு நிமிடத்துக்கு முந்தைய பெயரைக் கொடுத்தால் அதற்குப் பிந்தைய நான்கைந்து பெயர் மட்டும் வரும் என்று யாராவது சொல்லக்கூடும். உண்மைதான், எடை போய்விடும். ஆனால் ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் லிஸ்ட் கட்டணம் நிற்கும், பக்கெட்டின் பட்டியலையும் ஊருக்கே திறந்து வைத்திருக்க வேண்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை. இப்போது உங்கள் பக்கெட் பாலிசியில் யார் வேண்டுமானாலும் லிஸ்ட் செய்யலாம் என்று இருக்கிறது. பார்வையாளரின் பிரவுசரே லிஸ்ட் செய்ய அதுதான் அனுமதி. யாரோ ஒருவர் வேறு ஊரிலிருந்து ஒரு சின்ன நிரலை ஓடவிட்டால் அதற்கும் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். புதுப் பக்கம் வேலை செய்வதைப் பார்த்த பிறகு பாலிசியிலிருந்து `s3:ListBucket` வரியை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு பழைய ஸ்கிரிப்டோடு எங்கேயோ திறந்து கிடக்கும் டேப்கள் லிஸ்ட் கேட்டால் 403 என்று பதில் வரும். உங்கள் கணக்குக்கு வெளியிலிருந்து வந்து 403 வாங்கும் கோரிக்கைக்கு, 2024 மே மாதத்திலிருந்து, பக்கெட் உரிமையாளருக்குக் கட்டணம் கிடையாது.

மாற்றிய பிறகு என்ன ஆகும்? அதே 1,200 பேர், அதே இரண்டு டிவி ராத்திரியும் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். 30 நொடிக்கு ஒரு முறை, இரண்டு படத்துக்கு 240 கேபி. மாதம் வெளியே போவது 2,133 ஜிபியிலிருந்து 114 ஜிபிக்கு இறங்கும். அதில் 100 இலவசம், மீதிக்கு ஒன்றரை டாலர். கெட்டுக்கு 38 சென்ட். `latest.jpg` மேலெழுதுவதால் புட் கூடி 2.70 டாலர் ஆகும். சேமிப்பு அதே 80 சென்ட். மொத்தம் ஐந்தரை டாலர். இப்போது பெரிய வரி புட்தான், வேண்டுமானால் காப்பகப் படத்தை 15 நொடிக்குப் பதில் நிமிடத்துக்கு ஒன்றாக்கினால் அதிலும் பாதி போகும்.

சிடிஎன்னை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் வேண்டாம். அமேசானின் சிடிஎன்னான கிளவுட்ஃப்ரன்ட்டில் மாதம் 1 டிபி வரை வெளியே போவதும் ஒரு கோடி கோரிக்கையும் இலவசம், எஸ்3இலிருந்து கிளவுட்ஃப்ரன்ட்டுக்குப் போகும் டேட்டாவுக்கும் கட்டணம் இல்லை. சீசனில் பார்வையாளர் பத்து மடங்கானாலும் தாங்கும். ஆனால் பழைய ஸ்கிரிப்டை அப்படியே விட்டுவிட்டு முன்னால் சிடிஎன்னை மட்டும் நிறுத்தியிருந்தால், 2,133 ஜிபியில் பாதி இலவச எல்லையைத் தாண்டியிருக்கும், என்ன பிழை என்பதும் தெரியாமலே போயிருக்கும். வைக்கும்போது பக்கெட்டுக்கு நேரடியாகப் போகும் பொது அனுமதியை மூடிவிட்டு கிளவுட்ஃப்ரன்ட்டுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய முகவரியைச் சேமித்து வைத்தவர்கள் நேராக எஸ்3இலிருந்தே இறக்குவார்கள்.

ஐஏ ஏன் வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். அதன் ஜிபி விலை ஏறத்தாழ பாதிதான். ஆனால் ஒரு கோப்பு உள்ளே போனால் குறைந்தது 30 நாளுக்குக் காசு கட்ட வேண்டும். ஏழாம் நாள் அழித்தாலும் மீதி 23 நாளுக்குப் பில் வரும். பாதி விலையில் நான்கு மடங்குக்கு மேல் நாள். அதோடு புட் விலை இரண்டு மடங்கு, எடுக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் கட்டணம். வருஷம் முழுக்க வைத்து, எப்போதாவது எடுக்கும் கல்யாண ஆல்பங்களுக்கு அது பொருந்தும். ஏழு நாள் படங்களுக்குப் பொருந்தாது.

வெளியே போகும் டேட்டாவுக்குக் கட்டணமே வாங்காத சேவைகளும் இருக்கின்றன. கிளவுட்ஃப்ளேர் ஆர்2 அப்படி ஒன்று. அதிலும் கோரிக்கைகளுக்கு விலை உண்டு, எழுதுவதற்கும் லிஸ்ட்டுக்கும் பத்து லட்சத்துக்கு 4.50 டாலர், முதல் பத்து லட்சம் இலவசம். லிஸ்ட் கேட்கும் அதே முறையோடு அங்கே குடிபோயிருந்தால் 222 டாலர் மறைந்திருக்கும், லிஸ்ட்டுக்கு மட்டும் இருபது டாலருக்கு மேல் நின்றிருக்கும், ராத்திரியில் பக்கம் இழுப்பதும் அப்படியே இருந்திருக்கும். ஐந்தரை டாலருக்காக இடம் மாறச் சொல்ல மாட்டேன்.

ஒரு பட்ஜெட் எச்சரிக்கை வையுங்கள், 10 டாலருக்கு. அது எதையும் நிறுத்தாது, மின்னஞ்சல் மட்டும்தான் அனுப்பும். பில்லிங் விவரம் பல மணி நேரம் பிந்தித்தான் வரும் என்பதால் அந்த மின்னஞ்சலும் அன்றைக்கே வராமல் போகலாம்.

இன்றைக்குப் புதுப் பக்கத்தை ஏற்றியதும் இரண்டு டிவியிலும் போய் ஒரு முறை ரீலோடு அழுத்திவிடுங்கள், பக்கத்து ஹோம்ஸ்டேயிலும்தான். ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கத்தில் பழைய ஸ்கிரிப்ட்தான் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் கழித்து `ListBucket` வரியைப் பாருங்கள், அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அப்போதும் வெளியே போகும் டேட்டா நாளைக்கு நான்கு ஜிபியைத் தாண்டினால், எஸ்3 சர்வர் அக்செஸ் லாக்கை ஒரு நாளுக்கு இயக்கி வையுங்கள். அதில் ஒரே ஐபி முகவரி ராத்திரி முழுக்க ஒரே இடைவெளியில் வந்துகொண்டிருந்தால், மூன்றாவதாக ஒரு டிவி எங்கேயோ ஓடுகிறது.